35 வெள்ளி இணையத் திட்டம்: நட்சத்திரக் குறி இல்லாத விளம்பரம் எப்படி இருக்கும்?

பட்டணத்துக் கைப்பேசிக் கடை வாசலிலும் தோட்டத்து மளிகைக் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் இணையத் திட்ட விளம்பரங்களில் மூன்று விவரங்கள்தாம் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். ஒரு விலை, ஒரு ஜிபி கணக்கு, ‘வரம்பற்ற’ என்ற சொல். விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதற்கான விளக்கம் சுவரொட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கும், அல்லது ‘விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும்.

மாதக் கடைசியில் வீட்டில் ஏற்படும் தகராறு எல்லாம் அந்த நட்சத்திரத்துக்குள்தான் இருக்கிறது. “நேற்றுதானே ரீலோட் போட்டேன், காசு எங்கே போனது?” என்று அப்பா கேட்பார். “என் லேப்டாப்பில் வகுப்பு திறக்கவில்லை” என்று மகள் சொல்வாள். இரண்டுக்கும் காரணம் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

அப்படி மறைக்காமல் ஒரு விளம்பரம் எழுத முடியுமா? முடியும். கீழே இருப்பது ஒரு ப்ரீபெய்ட் திட்டத்துக்கான மாதிரி விளம்பரம். எந்த நிறுவனமும் இதை விற்கவில்லை; எண்கள் கணக்குக்காக வைத்தவை. கடையில் பார்க்கும் எந்த விளம்பரத்தையும் இதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இதில் இருக்கும் ஒரு வரி அதில் இல்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மாதிரி விளம்பரம்

30 நாள் இணையம், 35 வெள்ளி.

நீங்கள் கட்டுவது 35 வெள்ளி. வரி இதிலேயே அடங்கும். அடுத்த முறை வாங்கினாலும் இதே விலைதான்; இது முதல் மாதச் சலுகை அல்ல.

உங்களுக்குக் கிடைப்பது 20 ஜிபி. பகலிலும் இரவிலும், எந்தச் செயலிக்கும் பயன்படுத்தலாம். நடுத்தரத் தெளிவில் காணொலி பார்த்தால் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் என 30 நாளைக்கு வரும்.

மலேசியாவில் உள்ள கைப்பேசி, வீட்டுத் தொலைபேசி எண்களுக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் பேசலாம். 1300 எண்களுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 15 காசு, குறுஞ்செய்தி அனுப்பினால் ஒன்றுக்கு 10 காசு உங்கள் இருப்பிலிருந்து கழியும்.

20 ஜிபி தீர்ந்தால் இணையம் நிற்காது. வேகம் 512 கேபிபிஎஸ் ஆகக் குறையும். வாட்ஸ்அப் செய்தியும் குரல் அழைப்பும் ஓடும். காணொலி அடிக்கடி நிற்கும். கூடுதல் காசு எடுக்க மாட்டோம்.

ஹாட்ஸ்பாட் மூலம் வேறு கருவிக்கு இணையம் கொடுக்க 5 ஜிபி வரம்பு உண்டு. இது 20 ஜிபிக்கு மேல் கிடைப்பது அல்ல, அதற்குள்ளேயே அடங்குவது. 5 ஜிபி தீர்ந்தால் ஹாட்ஸ்பாட் மட்டும் நிற்கும். உங்கள் கைப்பேசியில் இணையம் தொடரும்.

ஜூன் 3 மாலை 6 மணிக்கு வாங்கினால் ஜூலை 3 மாலை 6 மணிக்கு முடியும். மிச்சம் இருக்கும் ஜிபி அடுத்த மாதத்துக்கு வராது. முடிவதற்கு ஒரு நாள் முன்பு குறுஞ்செய்தி அனுப்புவோம்.

நீங்கள் கேட்காமல் திட்டத்தைப் புதுப்பிக்க மாட்டோம். புதுப்பிக்காவிட்டால் இணையம் நிற்கும். உங்கள் இருப்பில் கை வைக்க மாட்டோம்.

இத்திட்டம் மலேசியாவில் மட்டும் செயல்படும். வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டிருக்கும். நீங்கள் திறந்தால்தான் திறக்கும்.

விளம்பரம் அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. இதில் சில வரிகள் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

‘முதல்’, ‘வரை’

தமிழ் விளம்பரங்களில் அதிகம் வேலை செய்யும் இரண்டு சொற்கள் இவை. ‘35 வெள்ளி முதல்’ என்றால் இருப்பதிலேயே குறைந்த விலை 35 வெள்ளி என்று பொருள். படத்தில் காட்டிய திட்டத்தின் விலை அதுவாக இருக்க வேண்டியதில்லை. ‘100 எம்பிபிஎஸ் வரை வேகம்’ என்றால் அதற்குமேல் போகாது என்பது மட்டுமே உறுதி. 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. மாதிரி விளம்பரத்தில் இந்த இரு சொற்களும் இப்படி எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

மூன்றாவது வித்தை கூட்டல். ‘மொத்தம் 30 ஜிபி’ என்று பெரிதாக எழுதிவிட்டு, உள்ளே அதைப் பிரித்திருப்பார்கள். எந்த நேரத்திலும் பயன்படுத்த 5 ஜிபி, ஒரு குறிப்பிட்ட காணொலிச் செயலிக்கு மட்டும் 10 ஜிபி, இரவு 1 மணியிலிருந்து காலை 7 மணி வரை 15 ஜிபி என்று இருக்கலாம். அதிகாலைப் பெரட்டுக்குப் போக வேண்டியவர் இரவு 1 மணிக்கு விழித்திருந்து எதைப் பார்ப்பார்? அவரைப் பொறுத்தவரை அது 5 ஜிபி திட்டம். அதனால்தான் மாதிரி விளம்பரத்தில் ‘பகலிலும் இரவிலும், எந்தச் செயலிக்கும்’ என்று எழுத வேண்டியிருக்கிறது.

‘வரம்பற்ற’ என்பதன் வரம்பு

வரம்பற்ற இணையம் என்று விற்கப்படும் பல திட்டங்களில் அளவுக்கு வரம்பு இருக்காது, வேகத்துக்கு இருக்கும். சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட ஜிபி வரை நல்ல வேகம் கிடைத்து, அதன்பின் குறைந்துவிடும். ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற பெயரில் இந்த வேகக் குறைப்பு அடியில் எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 512 கேபிபிஎஸ் வேகத்தை 8 ஆல் வகுத்தால் வினாடிக்கு 64 கிலோபைட். ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 230 எம்பிதான் இறங்கும். நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரக் காணொலிக்கு 500 முதல் 700 எம்பி வேண்டும். பாதிகூட வராததால் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு அரை எம்பி அளவே போதும் என்பதால் அது ஓடிவிடும்.

இன்னும் கீழே 128 கேபிபிஎஸ் என்று வைத்திருந்தால், வினாடிக்கு 16 கிலோபைட். யாராவது அனுப்பும் 3 எம்பி புகைப்படம் ஒன்று இறங்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பெயரும் ‘வரம்பற்ற இணையம்’தான். மறுபக்கம், முழு மாதமும் 3 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் வரம்பற்ற திட்டம் ஒருவருக்கு நல்ல திட்டம் என்றே சொல்வேன். ஒரு கைப்பேசியில் படம் பார்க்கத் தடை இருக்காது. அதையே இரண்டு மூன்று பேர் பகிர்ந்தால்தான் திணறும். ஆக, ‘வரம்பற்ற’ என்ற சொல்லே மோசடி என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வேகத்தின் எண்ணை எழுதாமல் விடுவதுதான் மோசடி.

ஹாட்ஸ்பாட்: ஒரு குடும்பத்தின் மாதம்

வீட்டில் கம்பி வழி இணையம் இல்லாத இடங்களில் அப்பாவின் கைப்பேசிதான் எல்லாருக்கும் வைஃபை. மாதிரித் திட்டத்தை அப்படியொரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். அப்பா மாதத்தின் 3ஆம் தேதி வாங்குகிறார். வாட்ஸ்அப், செய்தி, இரவில் கொஞ்சம் காணொலி என்று அவருக்கு நாளுக்கு 300 எம்பி ஆகிறது. மாதத்துக்கு 9 ஜிபி. மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், லேப்டாப்பில் இணையவழி டியூஷன். படத்தோடு நடக்கும் வகுப்புக்கு மணிக்குச் சுமார் 700 எம்பி என்று வைத்தால், வாரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல் ஆகும்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் அப்பாவுக்கு 9, மகளுக்கு நான்கு வாரத்துக்கு எட்டரை. பதினேழரை ஜிபி, 20க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மகளின் பயன்பாடு முழுவதும் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகிறது. அதன் வரம்பு 5 ஜிபி. மூன்றாவது வாரத்தின் முதல் வகுப்பு நடந்து கொண்டிருக்கும்போதே, அதாவது 20ஆம் தேதி வாக்கில், லேப்டாப் நின்றுவிடும்.

விளம்பரம் இதைச் சொல்லாதிருந்தால் என்ன நடக்கும்? டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்து அப்பா கடைக்கு ஓடி இன்னொரு திட்டம் வாங்குவார். உண்மையில் கைப்பேசியில் சுமார் 10 ஜிபி மிச்சம் இருக்கிறது. அதே வகுப்பைக் கைப்பேசியிலேயே திறந்திருந்தால் ஒரு காசும் செலவில்லை. திரை சின்னதுதான், ஆனால் அன்றைய வகுப்பு போகாது.

எது தீர்ந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப் வைஃபையில் இணைந்திருப்பதாகக் காட்டி எதுவும் திறக்காமல், கைப்பேசியில் காணொலி நன்றாக ஓடினால், தீர்ந்தது ஹாட்ஸ்பாட் அளவு. இரண்டிலும் செய்தி மட்டும் போய், காணொலி நின்று நின்று ஓடினால், முழு வேக அளவு தீர்ந்திருக்கலாம். இரண்டிலும் ஒன்றும் ஓடவில்லை, ஆனால் கைப்பேசியின் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தால், திட்டத்தின் நாள் முடிந்திருக்கும். கோடுகளே இல்லை என்றால் அது கோபுரத்தின் பிரச்சினை. எத்தனை ரீலோட் போட்டாலும் தீராது. நிறுவனத்தின் செயலியில் மீதி எவ்வளவு என்று பார்த்து இதை உறுதி செய்துகொள்ளலாம். ஹாட்ஸ்பாட் மீதியைத் தனி வரியாகக் காட்டாத செயலிகளும் உண்டு என்பதால்தான் இந்தச் சோதனையைச் சொல்கிறேன்.

முடியும் நேரமும் இருப்பில் கிடக்கும் காசும்

எனக்குத் தெரிந்தவரை மக்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்த இடம்தான். திட்டம் முடிந்த நொடியில் இணையத்தை நிறுத்தாமல், பயன்படுத்தும் ஒவ்வொரு எம்பிக்கும் இருப்பிலிருந்து காசு எடுக்கும் முறை இருக்கிறது. எம்பிக்கு 10 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பில் இருக்கும் 10 வெள்ளி 100 எம்பியில் காலி. அதற்கு நீங்கள் கைப்பேசியைத் தொடக்கூட வேண்டாம். இரவில் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதும், குடும்பக் குழுவில் வரும் காணொலிகள் தாமாக இறங்குவதும் காலைக்குள் அதைத் தின்றுவிடும்.

அடுத்தது தானியங்கிப் புதுப்பிப்பு. மாதா மாதம் தவறாமல் வாங்குகிறவருக்கு இது வசதி. ஆனால் அவசரத்துக்கு என்று 40 வெள்ளி இருப்பில் வைத்திருக்கும் பாட்டியின் கைப்பேசியில் இது 35 வெள்ளியை ஓர் இரவில் எடுத்துவிடும். மாதிரி விளம்பரம் ‘நீங்கள் கேட்காமல்’ என்று சொல்வதன் காரணம் இதுதான். தானாகப் புதுப்பிக்கும் திட்டத்தை விற்பதில் தவறில்லை. அதை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்கிறது. திட்டத்தின் ஆயுள் வேறு, ப்ரீபெய்ட் எண்ணின் ஆயுள் வேறு. 7 நாள் திட்டம் முடிந்ததும் எண் போய்விடாது. அதேபோல, இருப்பில் காசு கிடக்கிறது என்பதால் எண் என்றென்றும் உயிரோடு இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ரீலோட் செய்யும்போது எண் எந்தத் தேதி வரை செல்லும் என்று வரும் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

வாரத் திட்டம் மலிவா?

கையில் 35 வெள்ளி ஒரே நேரத்தில் இல்லாதபோது 12 வெள்ளி வாரத் திட்டம் மலிவாகத் தெரியும். 7 நாள் திட்டத்தை ஆண்டு முழுவதும் வாங்கினால் 52 முறை, 624 வெள்ளி. 35 வெள்ளிக்கு 30 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 முறை வாங்கி 420 வெள்ளி. ஐந்து நாள் மட்டும் மிச்சப்படும். வித்தியாசம் 200 வெள்ளிக்கும் மேல். ‘மாதம்’ என்று எழுதிவிட்டு 28 நாள் கொடுக்கும் திட்டமாக இருந்தால், ஆண்டுக்கு 13 முறை வாங்க வேண்டிவரும். 35 வெள்ளி வீதம் 455 வெள்ளி. நாள் கணக்கை எண்ணில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மாதக் கட்டணம் செலுத்தும் போஸ்ட்பெய்ட் திட்டமாக இருந்தால் வரியைத் தனியாகக் கேளுங்கள். 2024 மார்ச் 1இல் பல சேவைகளுக்குச் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்புக்கு அது 6 விழுக்காடாகவே வைக்கப்பட்டது. விளம்பரத்தில் 99 வெள்ளி என்று இருப்பது கட்டணச் சீட்டில் 104 வெள்ளி 94 காசாக வரும். ‘இலவசக் கைப்பேசி’க்காக 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மொத்தம் 2,518 வெள்ளி 56 காசு. இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எண்ணாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரம் சொல்ல முடியாத ஒன்று

எவ்வளவு நேர்மையான விளம்பரமும் உங்கள் லயன் வீட்டுக்குள் சிக்னல் வருமா என்பதைச் சொல்ல முடியாது. நிறுவனங்களின் வரைபடம் வெளியிடத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. தகரக் கூரையும் மேடு பள்ளமும் செம்பனை மரங்களும் அதில் முழுமையாக வராது. பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் எண் வைத்திருப்பவரிடம், இரவு 8 மணிக்கு மேல் எல்லாரும் பயன்படுத்தும் நேரத்தில் எப்படி ஓடுகிறது என்று கேட்பது வரைபடத்தைவிடப் பயன் தரும். 5ஜி என்று எழுதியிருந்தால் கைப்பேசியும் 5ஜியாக இருக்க வேண்டும், அந்த இடத்திலும் 5ஜி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் 4ஜிதான். ஜொகூர் பாருவில் கடற்கரையோரம் இருப்பவர்களின் கைப்பேசி சில நேரம் சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பிடிக்கும். வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கிறதா என்று அவர்கள் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சொன்னது ஒன்று, எடுத்தது ஒன்று என்றால்

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இதற்கு இடம் வைத்திருக்கிறது. அதன் 10ஆவது பிரிவு பொய்யான அல்லது தவறாக எண்ணவைக்கும் கூற்றுகளையும், 12ஆவது பிரிவு விலை பற்றித் தவறாக எண்ணவைக்கும் அறிவிப்பையும் தடுக்கின்றன. ஆனால் ஆதாரம் இல்லாமல் சட்டம் நகராது. சுவரொட்டியையும் அதன் அடியில் உள்ள சிறிய எழுத்தையும் வாங்கும் அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த மாதம் போய்த் தேடினால் அந்தச் சுவரொட்டி இருக்காது. காசு கழிந்ததைக் காட்டும் குறுஞ்செய்தியையும் சேர்த்து வையுங்கள்.

முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து அதன் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 1800-188-030 என்ற எண்ணை அழைக்கலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் புகார் எண்ணாகவே இருக்கும். கழிந்தது எட்டு வெள்ளிதானே என்று விட்டுவிடுவதற்கு முன், அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, திட்டம் முடிவதற்கு முன்பா பின்பா கழிந்தது என்பதையாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் அதே நேரத்தில் கழிந்தால், அது நீங்கள் நிறுத்தாமல் விட்ட தானியங்கிப் புதுப்பிப்பா, அவர்கள் சொல்லாமல் விட்ட கட்டணமா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.